புகாரை ‘முடிந்தது’ என்று எழுதும் நாள் எது?
(சரக்குத் தரப் புகாருக்கான திருத்த, தடுப்பு நடவடிக்கைப் படிவம்: ஒரு விளக்கம்)

நமது கடைகளில் புகார் வராத நாள் இல்லை. நாட்டரசன்கோட்டை போன்ற சிற்றூரில் புகார் எழுத்தில் வருவதில்லை, வாயால்தான் வரும். “என்னப்பா, போன வாரம் வாங்குன பாசிப்பயறுல வண்டு ஊருதே!” என்று ஆச்சி ஒருவர் பையைத் திருப்பிக் கொண்டுவந்து வைப்பார். “மாத்தித் தந்துடுறேன் ஆச்சி” என்று கடைக்காரரும் வேறு பயறை நிறுத்துக் கொடுத்துவிடுவார். ஆச்சிக்கு அத்துடன் முடிந்தது. ஆனால் புகார் முடிந்ததா? அந்தப் பயறு வந்த மூட்டை இன்னும் கடையில் இருக்கிறது. அதே சரக்கில் மற்ற மூட்டைகள் மொத்த வியாபாரியின் கிட்டங்கியில் அடுக்கியிருக்கின்றன. வேறு பத்துக் கடைகளுக்கும் போயிருக்கின்றன.

தொழிற்சாலைகளிலும் ஏற்றுமதி நிறுவனங்களிலும் இதற்கென்று ஒரு படிவம் வைத்திருப்பார்கள். ஐ.எஸ்.ஓ. 9001 என்னும் தர நிர்ணயத்தின் 1994-ஆம் ஆண்டுப் பதிப்பு, திருத்த நடவடிக்கை, தடுப்பு நடவடிக்கை என்று இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் வைத்தது. 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் தடுப்பு நடவடிக்கை என்ற தனித் தலைப்பு நீங்கி, அந்தக் கருத்து முழு ஏற்பாட்டிலும் கலந்துவிட்டது. பெயர் எப்படி மாறினாலும் படிவத்தின் உயிர் நான்கு கட்டங்களில்தான் இருக்கிறது: காரணம் என்ன, நடவடிக்கை என்ன, பொறுப்பாளர் யார், பலன் தெரிந்ததா. இவற்றுள் கடைசிக் கட்டம்தான் பெரும்பாலும் வெறுமையாக விடப்படுகிறது. அல்லது அவசரமாக நிரப்பப்படுகிறது. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

மாற்றிக் கொடுப்பது திருத்தம் ஆகாது

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம். கெட்ட பயறை மாற்றிக் கொடுப்பதும், அந்த மூட்டையைத் தனியே ஒதுக்கி வைப்பதும் உடனடி நடவடிக்கை. வண்டு எதனால் வந்தது என்று கண்டு அந்தக் காரணத்தை நீக்குவது திருத்த நடவடிக்கை. அதே காரணம் மொச்சையிலும் தட்டைப்பயறிலும் கொண்டைக்கடலையிலும் வேலை செய்யக் கூடுமே என்று எண்ணி, புகார் வருமுன்பே அங்கும் வழியை அடைப்பது தடுப்பு நடவடிக்கை.

பல கடைகளில் முதலாவது நன்றாகவே நடக்கிறது. அதைச் செய்த மனநிறைவில் மற்ற இரண்டும் மறந்துபோகின்றன.

ஒரு பயறு மூட்டையின் கணக்கு

விளங்குவதற்காக ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கடையும் தேதிகளும் நாம் இட்டுக்கொண்டவை. பயறு வண்டின் இயல்பு மட்டும் மெய்யானது. நாட்டரசன்கோட்டைக் கடை ஒன்று ஏப்ரல் 1-ஆம் தேதி முழுப் பாசிப்பயறு 2 மூட்டை எடுக்கிறது. அந்த லாட்டில் 20 மூட்டை மார்ச் 24-ஆம் தேதி மொத்த வியாபாரியின் கிட்டங்கிக்கு வந்தவை. ஏப்ரல் 17-ஆம் தேதி கடைக்குப் புகார் வருகிறது.

வழக்கமாக என்ன நடக்கும்? மொத்த வியாபாரி, “உங்க கடையில சுத்தம் போதாது, பழைய சாக்குல இருந்து ஏறியிருக்கும்” என்பார். கடைக்காரர், “உங்க சரக்கே பூச்சிச் சரக்கு” என்பார். இருவரும் காரணக் கட்டத்தில் ஒருவர் பெயரை மற்றவர் எழுதுவார்கள். இதற்கு முடிவு சொல்லக் கூடியது அந்தப் பயறேதான்.

பயறு வண்டு தன் முட்டையைத் தானியத்தின் மேல் தோலில் ஒட்டி வைக்கும். புதிய முட்டை கண்ணாடிபோல் இருப்பதால் எளிதில் கண்ணில் படாது. முட்டையிலிருந்து வரும் புழு வெளியே வராமல் நேரே பயற்றுக்குள் துளைத்துப் போகும். அப்போதுதான் மேலே இருக்கும் முட்டைத் தோடு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ஆகவே வெள்ளைப் புள்ளி கண்ணில் பட்டால், புழு உள்ளே போய்விட்டது என்று பொருள். உள்ளேயே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வட்டமான துளையிட்டு வண்டாக வெளியே வரும். நம் பக்கத்துக் கோடை வெப்பத்தில் முட்டையிலிருந்து வண்டு வரை ஏறக்குறைய 4 வாரம். சற்று முன்பின் ஆகலாம். ஆனால் 16 நாளில் ஆகாது.

இனிக் கணக்கைப் பாருங்கள். பயறு கடைக்கு வந்து 16 நாள்தான் ஆகிறது. அதற்குள் துளையிட்டு வண்டு வெளிவந்திருக்கிறது என்றால் அதன் முட்டை கடையில் இடப்பட்டதாக இருக்க முடியாது. கடை தப்பியது. கிட்டங்கிக்கு வந்து 24 நாள் ஆகிறது. இது எல்லைக்கோட்டில் நிற்கிறது, இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல இயலாது. அப்போது பக்கத்து அடுக்கைப் பார்க்க வேண்டும். அதே கிட்டங்கியில் மார்ச் 5-ஆம் தேதி வந்த வேறொரு பாசிப்பயறு லாட் 43 நாளாகப் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் துளையும் இல்லை, வெள்ளைப் புள்ளியும் இல்லை. புகாருக்கு உள்ளான லாட்டில் மீதமிருக்கும் 7 மூட்டையிலும் துளை இருக்கிறது. எனவே வண்டு கிட்டங்கியில் ஏறியதன்று, சரக்கோடு வந்தது. பயறு வண்டு வயலில் காய் முற்றும்போதே முட்டையிடக் கூடியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இதில் வியப்பு இல்லை.

மாறாக, கிட்டங்கியில் எல்லா லாட்டிலும் துளை இருந்தால் காரணம் கிட்டங்கிதான். கடையில் மூட்டை 60 நாள் கிடந்து, பிறகு புகார் வந்தால் இந்த நாள் கணக்கால் எதையும் நிலைநாட்ட முடியாது. இதையும் நேர்மையாகப் படிவத்தில் எழுத வேண்டும். மூட்டை வந்த தேதி தெரியாத கடையில் இந்த ஆராய்ச்சியே நடவாது என்பதையும் கவனியுங்கள்.

காரணம் ஒன்றல்ல, இரண்டு

சரக்கோடு வந்தது என்று கண்டவுடன் காரணக் கட்டம் நிரம்பிவிட்டதாக எண்ணக் கூடாது. இன்னொரு கேள்வி உண்டு: வந்தபோது ஏன் தெரியவில்லை? லாரி வந்ததும் இரண்டு மூட்டையைக் குத்தூசியால் குத்தி, கையில் கொட்டி, ஊரும் வண்டு உண்டா என்று பார்ப்பதுதான் வழக்கம். அன்று வண்டு பயற்றுக்குள் புழுவாக இருந்தது. ஊரும் வண்டைத் தேடும் சோதனையில் உள்ளே இருக்கும் புழு எப்படிச் சிக்கும்? ஆகவே காரணக் கட்டத்தில் இரண்டு வரி வர வேண்டும். ஒன்று, குறை எப்படி உண்டாயிற்று. மற்றது, நம் சோதனையை எப்படித் தாண்டியது. இரண்டுக்கும் தனித்தனி நடவடிக்கை வேண்டும்.

‘கவனக்குறைவு’ என்று ஒரே சொல்லில் காரணம் எழுதுவோர் உண்டு. அதற்கு எதிரே எழுதக் கூடிய நடவடிக்கை ‘இனிக் கவனமாக இருக்க வேண்டும்’ என்பது மட்டுமே. அதைச் செய்தோமா என்று யாராலும் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாத நடவடிக்கை எழுத நேர்ந்தால், காரணம் இன்னும் கிடைக்கவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

நடவடிக்கையும் பொறுப்பாளரும்

உடனடி நடவடிக்கை: 7 மூட்டையும் கடையில் மீதமுள்ள சரக்கும் தனி இடத்துக்குப் போக வேண்டும், மற்ற 11 மூட்டை எந்தெந்தக் கடைக்குப் போயின என்று பில் புத்தகத்தில் பார்த்துச் சொல்லி அனுப்ப வேண்டும். ஒதுக்கிய மூட்டையைக் கிட்டங்கி வாசலில் வெயிலில் பரப்புவதால் ஊரும் வண்டு பறந்து பக்கத்து அடுக்குக்குப் போகும். உள்ளே இருக்கும் புழுவெல்லாம் சாகும் என்று சொல்வதற்கில்லை. நச்சுப் புகை மாத்திரையை நாமே வாங்கி மூட்டைக்குள் போடுவது உயிருக்கே ஆபத்து. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை கட்டுப்படுத்தப்பட்ட பொருள். அனுமதி பெற்றவர்களைக் கொண்டுதான் புகை போட வேண்டும். ஆள் படுக்கும் கடையில் அதற்கு இடமே இல்லை.

திருத்த நடவடிக்கை: இனி வரும் ஒவ்வொரு லாட்டிலும் 5 மூட்டையில் மாதிரி எடுத்து, மூட்டைக்கு 100 மணி வீதம் 500 மணியைக் கறுப்புத் துணியில் பரப்பி, பூதக்கண்ணாடியால் முட்டையும் துளையும் எண்ணிப் பார்ப்பது. அதோடு கால் கிலோ பயறை ஒரு கண்ணாடிப் போத்தலில் இட்டு, வாயைத் துணியால் இறுகக் கட்டி, லாட் தேதி எழுதி, 35 நாள் வைத்திருப்பது. கண்ணுக்குத் தப்பிய முட்டை இருந்தால் அதற்குள் வண்டு போத்தலில் ஊரும். இதைச் சாட்சிப் போத்தல் எனலாம்.

தடுப்பு நடவடிக்கை: முழு மொச்சை, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, முழு உளுந்து ஆகியவற்றுக்கும் இதே சோதனை. உடைத்த பருப்பில் இந்த வண்டு பெருகுவது அரிது. அதற்கு இச்சோதனை வேண்டியதில்லை. கிட்டங்கி அடுக்குகளில் பூச்சி நடமாட்டம் அறிய, கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளைக் குழாய்ப் பொறி உதவும். தானியத்துக்குள் செருகி வைத்தால் பூச்சிகள் துளை வழியே குழாய்க்குள் புகுந்து அடியில் விழும்.

பொறுப்பாளர் கட்டத்தில் ‘கிட்டங்கி ஆட்கள்’ என்று எழுதினால் அது யாருக்கும் பொறுப்பு இல்லை என்பதற்குச் சமம். ஓர் ஆளின் பெயரும் ஒரு தேதியும் வேண்டும். 500 மணி எண்ணுவது சரக்கு இறக்கும் மேஸ்திரி; போத்தலுக்குப் பொறுப்பு கணக்குப்பிள்ளை. பலனைச் சரிபார்ப்பவர் இவ்விருவரும் அல்லாத மூன்றாமவர், அதாவது முதலாளி. தான் செய்த வேலைக்குத் தானே ‘சரி’ போட்டுக்கொள்வதில் பொருள் இல்லை. சிறிய கடையில் ஆள் இல்லையென்றால் வீட்டார் ஒருவர் பார்க்கலாம்.

பலன் தெரிய எத்தனை நாள்?

நமது தலைப்பின் கேள்விக்கு வருகிறோம். மே 5-ஆம் தேதி அடுத்த லாட் வருகிறது. 500 மணியும் எண்ணியாயிற்று, சுத்தம். மே 20-ஆம் தேதி இன்னொரு லாட், அதுவும் சுத்தம். ஒரு மாதமாகப் புகாரும் இல்லை. ‘முடிந்தது’ என்று கையெழுத்திடலாமா?

கூடாது. புழு வண்டாக 4 வாரம் ஆகும் என்றால், 4 வாரத்துக்கு உட்பட்ட அமைதி எதையும் நிரூபிக்காது. நம் உதாரணத்தில் மே 5 லாட்டின் போத்தல் 35 நாள் கழித்தும் சுத்தமாக இருந்தது. ஆனால் மே 20 லாட்டின் போத்தலில் 25-ஆம் நாள், அதாவது ஜூன் 14-ஆம் தேதி, 2 வண்டு ஊர்கின்றன. கண்ணாடிபோன்ற புதிய முட்டைகள் பூதக்கண்ணாடிக்கும் தப்பியிருக்கின்றன. போத்தல் சொன்னதால் அந்த லாட் எந்தக் கடைகளுக்குப் போயிற்றோ அங்கிருந்து மீதமுள்ள மூட்டைகளைத் திரும்பப் பெற முடிந்தது. ஆச்சிமார் பையோடு வருமுன் காரியம் நடந்தது.

இங்கே சரிபார்ப்புக் கட்டம் தன் வேலையைச் செய்தது. ‘பலன் போதாது’ என்று எழுதப்படுகிறது, படிவம் மூடப்படவில்லை. மீண்டும் காரணத்துக்குத் திரும்ப வேண்டும். சோதனையைத் தாண்டியதற்கான காரணத்தை மட்டும் தொட்டோம். உண்டானதற்கான காரணத்தைத் தொடவில்லை. எனவே ஜூன் 15-ஆம் தேதி புதிய நடவடிக்கை: அறுவடை முடிந்து சரக்கு சேரும் இடத்திலேயே அனுமதி பெற்றவரைக் கொண்டு புகை போட்டு, அந்தத் தேதியும் லாட் எண்ணும் எழுதிய சீட்டோடு வரும் முழுப் பயறையே வாங்குவது. சரக்கு அனுப்புபவரிடம் இதைக் கேட்கும்போது வாய்ச்சண்டை தேவையில்லை. எண்ணிக்கைத் தாளும் போத்தலும் போதும். அதன்பின் ஜூன் 22, ஜூலை 6, ஜூலை 20 ஆகிய மூன்று லாட்டின் போத்தல்களும் 35 நாள் கடந்து சுத்தமாக நின்றால் ஆகஸ்ட் 24-ஆம் தேதி ‘முடிந்தது’ என்று எழுதலாம். ஏப்ரல் 17 புகார் ஆகஸ்டு 24-இல் முடிகிறது. நாலு மாதமா என்று மலைக்க வேண்டாம். இடையில் செலவாவது லாட்டுக்குக் கால் கிலோ பயறும் சில நிமிடங்களும்தான்.

சரிபார்ப்புக்கான காலம் பொருளுக்குப் பொருள் மாறும். எடைக் குறைவு என்றால் அடுத்த பத்து மூட்டையை நிறுத்துப் பார்த்து அன்றே முடிக்கலாம். எண்ணெய் சிக்கு வாடை என்றால் பொட்டலத்தில் போட்டிருக்கும் காலக்கெடு வரை ஒரு டின் வைத்திருந்துதான் சொல்ல முடியும். குறை திரும்பி வருவதற்கு எவ்வளவு நாள் பிடிக்குமோ, அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காத்திருப்பதே விதி.

மிளகாய்த்தூள் கற்பித்த பாடம்

வழி அடைத்தாயிற்று என்ற நம்பிக்கை எவ்வளவு பெரிய இடத்திலும் தவறலாம் என்பதற்கு நமது நாட்டு மிளகாய்த்தூளே சாட்சி. 2003-ஆம் ஆண்டு, இந்தியாவிலிருந்து சென்ற மிளகாய்ச் சரக்கில் சூடான்-1 என்னும் சாயம் இருப்பதைப் பிரான்ஸ் நாட்டார் கண்டு அறிவித்தனர். இது மெழுகுக்கும் பாலிஷுக்கும் நிறம் கொடுக்கும் சாயம். புற்றுநோய் ஐயம் உள்ளதால் உணவில் சேர்க்கத் தடை செய்யப்பட்டது. அவ்வாண்டே ஐரோப்பிய நாடுகள், சோதனைச் சான்று இல்லாத மிளகாய்ச் சரக்கை உள்ளே விட மறுத்தன. நமது நறுமணப் பொருள் வாரியமும் ஏற்றுமதி மிளகாய்க்குக் கட்டாயச் சோதனை கொண்டுவந்தது. கதவு பலமாகவே அடைக்கப்பட்டது.

ஆயினும் 2005 பிப்ரவரியில் இங்கிலாந்தில் 400-க்கும் மேற்பட்ட உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்க நேர்ந்தது. காரணம், ஒரு நிறுவனம் செய்த உஸ்டர் சாஸ். அதில் சேர்த்த மிளகாய்த்தூள் 2003-ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டுக்கு முன்பே அந்நாட்டுக்குள் வந்துவிட்ட சரக்கு. அந்தச் சாஸை வாங்கித் தங்கள் பண்டங்களில் சேர்த்தவர்கள் பலர். அதனால் ஒரு சரக்கின் குறை நூற்றுக்கணக்கான பெயர்களில் பரவியது. நடவடிக்கை எடுத்தது இனி வரும் சரக்குக்கு மட்டும். உள்ளே வந்து அலமாரியிலும் பீப்பாயிலும் இருந்த சரக்குக்கு என்ன வழி என்ற கேள்வி அடங்காமல் நின்றுவிட்டது.

ஆகவே நமது படிவத்தில் நடவடிக்கைக் கட்டத்தை அடுத்து ஒரு வரி சேர்க்க வேண்டும்: ‘இதற்கு முன் வந்து, இப்போது நம்மிடமும் நம்மிடம் வாங்கியவரிடமும் இருக்கும் சரக்கு எவ்வளவு? அதை என்ன செய்தோம்?’

சட்டம் கேட்பதும் இதுவே

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, உற்பத்தியாளரோடு மொத்த வியாபாரியையும் சில்லறை வியாபாரியையும் பொறுப்பாளியாக்குகிறது. யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்குக்கும் நாமே பொறுப்பு. முறையான முன்னெச்சரிக்கை அனைத்தும் எடுத்தோம் என்று எடுத்துரைக்க 80-ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்போது வாய்ச்சொல் நிற்காது. தேதியும் பெயரும் உள்ள தாள்தான் பேசும். படிவம் இருப்பதாலேயே குற்றம் நீங்கிவிடும் என்பதன்று. வெறுமையான சரிபார்ப்புக் கட்டம் நமக்கு எதிராகவும் பேசலாம்.

படிவத்தின் அமைப்பு

ஒரு முழுத்தாளின் ஒரு பக்கம் போதும். வரிகள் பின்வருமாறு அமையட்டும்:

1. புகார் எண், தேதி, பொருள், லாட் அல்லது வந்த தேதி, யாரிடம் வாங்கியது, பில் எண்.
2. கண்ணால் கண்ட குறை. (கருத்து வேண்டாம், ‘100 மணியில் 9 துளை’ என்பதுபோல் எண்ணிக்கை வேண்டும்.)
3. உடனடி நடவடிக்கை, ஒதுக்கிய அளவு.
4. காரணம் (அ) குறை எப்படி உண்டாயிற்று (ஆ) சோதனையை எப்படித் தாண்டியது. ஒவ்வொன்றுக்கும் ஆதாரம்.
5. திருத்த நடவடிக்கை, தடுப்பு நடவடிக்கை. (எதிரே, 4-அ, 4-ஆ இவற்றுள் எதற்கு என்ற குறிப்பு.)
6. முன்பே வந்த சரக்கு எவ்வளவு, என்ன செய்தது.
7. பொறுப்பாளர் பெயர், முடிக்க வேண்டிய தேதி.
8. எதைப் பார்த்துப் பலன் தெரிந்துகொள்வது, எந்தத் தேதியில்.
9. கண்ட பலன்: போதும் அல்லது போதாது. சரிபார்த்தவர் கையொப்பம்.

8-ஆம் வரியைப் புகார் வந்த வாரத்திலேயே நிரப்பிவிட வேண்டும். பலன் வந்த பிறகு அளவுகோலைத் தேடினால் வந்த பலனுக்கு ஏற்ற அளவுகோல்தான் கிடைக்கும்.

எல்லாப் புகாருக்கும் இத்தாளை எடுக்க வேண்டியதில்லை. ஒரு பொட்டலம் கிழிந்தது, ஒரு தேங்காய் அழுகியது என்பவற்றுக்குப் புகார் நோட்டில் ஒரு வரி போதும். உடல்நலத்தைத் தொடும் புகார் ஒன்றே வந்தாலும், அல்லது ஒரே பொருளில் மூன்று மாதத்துக்குள் இரண்டாம் முறை வந்தாலும் படிவத்தை எடுக்கலாம். இல்லையேல் படிவம் குவியும். குவிந்தால் யாரும் சரிபார்க்க மாட்டார்கள்.

கடையில் இப்போது நிரப்பிய படிவங்கள் இருந்தால் 9-ஆம் வரியை மட்டும் எடுத்துப் பாருங்கள். நடவடிக்கை எடுத்த அன்றே ‘முடிந்தது’ என்று கையெழுத்து விழுந்திருந்தால், அது வண்டு இன்னும் பயற்றுக்குள் இருக்கும்போதே போட்ட கையெழுத்து. அத்தகைய படிவத்தைத் திரும்பத் திறந்து, எந்தத் தேதியில் எதைப் பார்ப்பது என்று 8-ஆம் வரியை எழுதி வையுங்கள்.